மசாலா பாக்கெட் மெஷினுக்கு ஆபரேட்டர் தேவை: இந்த விளம்பரம் சரியா?

பீனிக்ஸ்_மசாலா

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் பீனிக்ஸ் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு மசாலாத் தொழிற்சாலை நடத்துகிறோம். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், சாம்பார் பொடி, மட்டன் கறி மசாலா இவைதான் எங்கள் சரக்கு. பாக்கெட் போடும் மெஷினைப் பல வருடமாக ஓட்டி வந்தவர் மகனோடு கேப் டவுனுக்குக் குடி போகிறார். அவர் இருக்கும்போதே புது ஆளை எடுத்துப் பழக்கிவிட வேண்டும். தீபாவளி ஆர்டர் வரத் தொடங்கினால் நேரம் இருக்காது.

நான் எழுதி வைத்திருக்கும் விளம்பரம் இது:

"மெஷின் ஆபரேட்டர் தேவை. மேட்ரிக் தேர்ச்சி கட்டாயம். பேக்கிங் மெஷினில் 5 வருட அனுபவம், ரிப்பேர் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்கள் மட்டும், வயது 25 முதல் 35 வரை. தமிழ்க் குடும்பத்தினருக்கு முன்னுரிமை. ஆஸ்துமா உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். சொந்த வாகனம் அவசியம். ஷிஃப்ட் வேலை. சம்பளம் நேரில் பேசலாம். சுயவிவரத்தோடு அடையாள அட்டை நகல் அனுப்பவும்."

போன தடவை கிட்டத்தட்ட இதே மாதிரிதான் போட்டோம். விண்ணப்பம் குவிந்தது. ஆனால் மெஷின் முன்னால் நிற்க வைத்தால் பொருத்தமான ஆள் யாருமே இல்லை. எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

செட்டர்_தாத்தா

தம்பி, விளம்பரத்தில் மெஷினே இல்லையே. என்ன மெஷின், என்ன அளவு பாக்கெட், அந்த ஆள் காலையில் வந்ததிலிருந்து சாயங்காலம் வரை கையால் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். பேக்கிங் லைனில் ஆயுசைக் கழித்தவன் என்ற முறையில் கேட்கிறேன். அது தெரியாமல் விளம்பரத்தைப் பற்றிப் பேச முடியாது.

பீனிக்ஸ்_மசாலா

சரி தாத்தா. செங்குத்தாக நிற்கும் மெஷின். மேலே ஹாப்பரில் தூள் கொட்டுவோம். உள்ளே ஒரு திருகு சுற்றி அளந்து விடும். ஃபிலிம் ரோல் கீழிருந்து ஏறிக் குழாயாக மடிந்து, முதுகில் ஒரு சீல், குறுக்கே ஒரு சீல், வெட்டு. 100 கிராம் பாக்கெட் நிமிடத்துக்கு 30 வரை வரும்.

காலையில் வந்ததும் மெஷினைச் சூடேற்றுவது, தேதி முத்திரையை மாற்றுவது, முதல் பத்து பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்பது. ஓடும்போது கால் மணிக்கு ஒரு தடவை ஐந்து பாக்கெட் எடுத்து எடை போட்டு நோட்டில் எழுதுவது. ரோல் தீர்ந்தால் மாற்றுவது, ரோல் 20 கிலோ இருக்கும். ஒரு தூளிலிருந்து அடுத்த தூளுக்குப் போகும்போது முழுக்கக் கழற்றித் துடைப்பது. கடைசியில் எண்ணிக்கையும் கழிவும் எழுதுவது. இவ்வளவுதான்.

பெரிய கோளாறு வந்தால் பைன்டவுனிலிருந்து மெக்கானிக் ஒருவர் வருவார்.

செட்டர்_தாத்தா

இப்போது நீங்கள் எழுதியதுதான் விளம்பரம். முதலில் எழுதியது வேறு யாரோ ஒருவருக்கான வேலை.

பாருங்கள், மெக்கானிக் வெளியிலிருந்து வருகிறார் என்கிறீர்கள். அப்படியானால் "ரிப்பேர் தெரிந்திருக்க வேண்டும்" என்று ஏன் கேட்கிறீர்கள்? மெஷினை ஓட்டுகிறவர் ஒருவர், அதைச் செட் பண்ணிப் பழுது பார்க்கிறவர் இன்னொருவர். இரண்டுக்கும் கூலி வேறு. செட்டர் வேலை தெரிந்தவர் உங்கள் விளம்பரத்தைப் பார்த்தால், ஆபரேட்டர் கூலிக்குத் தன்னைக் கேட்கிறார்கள் என்று தாண்டிப் போய்விடுவார். நல்ல ஆபரேட்டரோ, "எனக்கு ரிப்பேர் தெரியாதே" என்று ஒதுங்கிவிடுவார். மிஞ்சுகிறவர்கள் எல்லா விளம்பரத்துக்கும் ஒரே காகிதத்தை அனுப்புகிறவர்கள். உங்களுக்கு விண்ணப்பம் குவிந்ததும் ஆள் கிடைக்காததும் அதனால்தான்.

ஐந்து வருட அனுபவம் என்பதும் அப்படியே. ஜூஸ் பாட்டில் லைனில் ஐந்து வருடம் இருந்தவருக்குத் தூள் மெஷின் புதிதுதான். தூளில் இருக்கும் சிக்கல் வேறு. திருகு எடையை அளப்பதில்லை, இடத்தை அளக்கிறது. ஹாப்பர் நிறைய இருக்கும்போது ஒரு எடை, பாதியாகக் குறைந்ததும் வேறு எடை. புதிதாக அரைத்த மிளகாய்த்தூள் காற்றோடு பொங்கி இருக்கும், பாக்கெட்டில் குறைவாக விழும். இரவு முழுக்கப் படிந்து கிடந்த தூள் கூடுதலாக விழும். இதைக் கவனித்து எடையைச் சரிசெய்து கொண்டே இருக்கத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டும். மாவு, பால் பவுடர், சோப்புத்தூள், எந்தத் தூளை ஓட்டியவரானாலும் ஒரு வருடம் ஓட்டியிருந்தால் போதும். ஓட்டாதவராக இருந்து, கவனமும் எழுத்துப் பழக்கமும் இருந்தால், உங்கள் பழைய ஆள் ஊரில் இருக்கும்வரை பழக்கிவிடலாம்.

லெனேசியா_அக்கா

நான் பல வருடமாகத் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். தாத்தா மெஷினைப் பார்த்தார், நான் மற்ற வரிகளைப் பார்க்கிறேன்.

"ஆண்கள் மட்டும்", "25 முதல் 35", "தமிழ்க் குடும்பத்தினருக்கு முன்னுரிமை" மூன்றையும் எடுத்துவிடுங்கள். 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு பால், வயது, மொழி, மதம், இனம் ஆகியவற்றின் பேரில் நியாயமற்ற பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. வேலைக்கு விண்ணப்பிப்பவர்களையும் அந்தச் சட்டம் காக்கிறது. ஆணாக இருக்க வேண்டும் என்று எதனால் நினைத்தீர்கள்? 20 கிலோ ரோலால் என்றால், ரோலின் எடையை எழுதுங்கள். தூக்க முடியுமா என்று அவர்களே முடிவு செய்வார்கள். ரோலை ஏற்ற ஒரு சின்னத் தள்ளுவண்டி வாங்கிவிட்டால் அந்தக் கேள்வியே போய்விடும்.

ஆஸ்துமா வரியும் வேண்டாம். அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு உடல்நலச் சோதனையைக் குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும்தான் அனுமதிக்கிறது, நோயைக் கேட்டு ஆளை வடிகட்டுவதும் அந்தச் சோதனைக்குள் வந்துவிடும். ஆனால் உங்கள் கவலை நியாயம். மிளகாய்த்தூள் காற்றில் பறக்கும் இடம்தான் அது. அதனால் வேலையிடத்தின் நிலையை உள்ளபடி எழுதுங்கள்: தூள் பறக்கும், தும்மல் வரும், முகக்கவசம் நாங்கள் தருவோம், நேர்காணலில் மெஷின் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று. தூள் ஒத்துக்கொள்ளாதவர் அதைப் பார்த்துத் தானே விலகுவார். இன்னொன்று, மெஷினுக்கு மேல் தூசி உறிஞ்சும் குழாய் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்_ராஜா

அக்கா சொல்வது பெரிய கம்பெனிகளுக்கு. 50 பேருக்குக் கீழே இருந்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. நானும் எட்டுப் பேர் வைத்துத் தொழில் செய்கிறேன், எனக்கு எந்த அறிக்கையும் அனுப்ப வேண்டியதில்லை என்று என் கணக்கர் சொல்லியிருக்கிறார்.

லெனேசியா_அக்கா

கணக்கர் சொன்னது அறிக்கை அனுப்புவதைப் பற்றி, ராஜா. அந்தச் சட்டத்தில் இரண்டு பகுதி இருக்கிறது. சமத்துவத் திட்டம் போட்டு அறிக்கை கொடுக்கும் பகுதி 50 பேருக்கும் அதற்கு மேலும் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு. 2025 ஜனவரியிலிருந்து ஆள் எண்ணிக்கைதான் கணக்கு, விற்பனைத் தொகை கணக்கில்லை. அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் பாகுபாட்டைத் தடுக்கும் பகுதி ஒரே ஒரு ஆள் வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

பாக்கெட்_ராஜா

அது எனக்குப் புதிது. சரி. ஆனாலும் நம்ம ஆட்களுக்கு வேலை கொடுக்க நினைப்பதில் என்ன தப்பு? கோயில் பலகையில் ஒட்டினால் யார் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

லெனேசியா_அக்கா

கோயில் பலகையில் ஒட்டுங்கள், தாராளமாக. கூடவே க்வாமாஷு டாக்ஸி நிலையத்திலும் இனாண்டா பக்கத்துக் கடையிலும் ஒட்டுங்கள். ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். உங்கள் தொழிற்சாலைக்கு நடக்கிற தூரத்தில் இருப்பவர்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

மதுரை_ஜோபர்க்

நண்பர்களே, நல்ல வாய்ப்பாகத் தெரிகிறது. என் சித்தப்பா மகன் மதுரையில் ஊறுகாய்க் கம்பெனியில் இதே மெஷின்தான் ஓட்டுகிறான். மூன்று மாத விசிட் விசாவில் வந்து சேர்ந்துகொள்ளலாமா? முதலாளி பிறகு விசாவை மாற்றிக் கொடுப்பாரா?

லெனேசியா_அக்கா

முடியாது தம்பி. விசிட் விசாவில் இந்த வேலையைச் செய்ய அனுமதி இல்லை. தெரிந்தே வேலை கொடுக்கும் முதலாளியும் 2002 குடிவரவுச் சட்டப்படி மாட்டிக்கொள்வார். இது இங்கே வேலை செய்ய உரிமை உள்ளவர்களுக்கான இடம். உங்கள் தம்பி விஷயத்தைத் தனியாக ஒரு இழையில் கேளுங்கள், இங்கே கலந்துவிடும்.

வெருலம்_தங்கை

நான் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங்கில் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். அந்த விளம்பரத்திலும் "ஷிஃப்ட் வேலை" என்றுதான் இருந்தது. சேர்ந்த பிறகுதான் மதியம் 2 மணி முதல் இரவு 10 வரை என்று சொன்னார்கள். பத்து மணிக்கு வெளியே வந்தால் டாக்ஸி இல்லை. அப்பா எழுந்து வந்து கூட்டிக்கொண்டு போவார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டேன். வேலை எனக்குப் பிடித்த வேலை, நன்றாகவும் செய்தேன்.

அண்ணா, "சொந்த வாகனம் அவசியம்" என்று போட்டால் என்னை மாதிரி ஆட்கள் எழுதவே மாட்டோம். ஆபரேட்டர் கூலியில் கார் வைத்திருப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் எழுதுங்கள். டாக்ஸி இருக்கிறதா இல்லையா என்பது எங்களுக்கே தெரியும்.

செட்டர்_தாத்தா

தங்கை சொன்னதற்குச் சட்டமும் இருக்கிறது. 1997 அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தில் மாலை 6 முதல் காலை 6 வரை செய்வது இரவு வேலை. தொழிலாளி சம்மதிக்க வேண்டும், அதற்குத் தனிப்படி அல்லது குறைந்த நேரம் கொடுக்க வேண்டும், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே ஷிஃப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் போக்குவரத்து கிடைக்க வேண்டும். 2 முதல் 10 ஷிஃப்டில் நாலு மணி நேரம் அதற்குள் வருகிறது.

தம்பி, உங்களுக்கு உண்மையிலேயே இரண்டு ஷிஃப்ட் தேவையா?

பீனிக்ஸ்_மசாலா

இப்போதைக்கு இல்லை தாத்தா. தீபாவளிக்கு முன்னால் தேவைப்படலாம் என்றுதான் "ஷிஃப்ட்" என்று பொதுவாகப் போட்டேன். வழக்கமாகக் காலை 7 முதல் 4.30 வரை, நடுவில் அரை மணி சாப்பாடு. திங்கள் முதல் வெள்ளி. வாரம் 45 மணி நேரம். அவசர நாட்களில் சனிக்கிழமை ஐந்து மணி நேரம் கூடுதல். இதைத்தான் எழுதப் போகிறேன். தங்கைக்கு நன்றி.

இன்னொரு சந்தேகம். மேட்ரிக் கேட்காவிட்டால் ஆளை எப்படித் தெரிந்துகொள்வது?

செட்டர்_தாத்தா

மேட்ரிக் சான்றிதழ் மெஷின் முன்னால் எதையும் சொல்லாது. உங்களுக்கு வேண்டியது தராசின் எண்ணைப் படித்து எழுதுவது, ஐந்து எண்ணின் சராசரி போடுவது, தேதி முத்திரையில் ஒரு எழுத்து மாறியிருந்தால் கண்டுபிடிப்பது. இதை நேராகவே பார்த்துவிடலாம். 101, 99, 102, 98, 97 என்று ஐந்து பாக்கெட் எடை எழுதிக் கொடுங்கள். என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சராசரி 99.4. ஒவ்வொன்றும் பார்க்க 100-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் சராசரி 100-க்குக் கீழே இறங்கிவிட்டது. அத்தோடு கடைசி மூன்றும் இறங்கிக்கொண்டே வருகின்றன. "ஹாப்பரில் தூள் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது சீல். பாக்கெட்டை அமுக்கினால் மேல் ஓரத்திலிருந்து தூள் வருகிறது, என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் "சூட்டைக் கூட்டுவேன்" என்பார்கள். பல நேரம் சூடு காரணமாக இருக்காது. திருகு நின்ற பிறகும் கொஞ்சம் தூள் சொட்டும். அது விழுந்து அடங்குவதற்குள் சீல் போடும் தாடை மூடிவிட்டால் தூள் சீலுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். பார்க்க ஒட்டியிருக்கும், அலமாரியில் வைத்தால் விட்டுவிடும். அப்போது சூட்டைக் கூட்டினால் ஃபிலிம் சுருங்கிக் கருகும், கசிவு நிற்காது. மெஷினை நிறுத்தி, ஒரு பாக்கெட்டின் சீலைப் பிரித்து, உள்ளே நிறம் ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பவர்தான் ஆபரேட்டர். சீலுக்குள் சிவப்புக் கோடு தெரிந்தால் தூள். கோடு இல்லாமல் சுலபமாகப் பிரிந்தால் சூட்டையும் அழுத்தத்தையும் பார்க்கலாம்.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. தாடையில் ஃபிலிம் சிக்கிவிட்டது, என்ன செய்வீர்கள்? "நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, சூடு ஆறிய பிறகு எடுப்பேன்" என்று வர வேண்டும். "கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்தும் சுவிட்சில் டேப் ஒட்டிவிட்டு ஓடும்போதே கையை விட்டு இழுப்பேன், வேகமாக முடியும்" என்று பெருமையாகச் சொல்பவர் வருவார், அனுபவமும் நிறைய இருக்கும். அவர் வேண்டாம். விரல் போய்விடும்.

பாக்கெட்_ராஜா

இவ்வளவு கேள்வி எதற்கு? ஒரு வாரம் சம்பளம் இல்லாமல் வந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிடித்தால் எடுங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

லெனேசியா_அக்கா

வேண்டாம். அவர் போட்ட பாக்கெட் கடைக்குப் போகிறது என்றால் அது வேலை, வேலைக்குக் கூலி உண்டு. ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் வேலை வாங்கினாலும் நாலு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அரை மணி நேரம் மெஷினைச் சுற்றிக் காட்டி, தாத்தா சொன்ன மூன்று கேள்வியைக் கேட்பது நேர்காணல். அதற்கு மேல் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க விரும்பினால் அந்த நாளின் கூலியைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். சேர்ந்த பிறகு மூன்று மாதம் தகுதிகாண் காலம் வைத்துக்கொள்ளலாம், எழுத்தில்.

பாக்கெட்_ராஜா

சரி, கூலி கொடுத்தே பார்க்கட்டும். ஆனால் சம்பளத்தை மட்டும் விளம்பரத்தில் போடாதீர்கள். போட்டால் இருக்கிற ஆட்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

வெருலம்_தங்கை

போடுங்கள் அண்ணா. நேர்காணலுக்கு வர இரண்டு டாக்ஸி மாற வேண்டும். வந்து பார்த்து, ஏற்கெனவே வாங்குவதைவிடக் குறைவு என்று தெரிந்தால் அந்த நாள் கூலியும் போச்சு, டாக்ஸிக் காசும் போச்சு.

பீனிக்ஸ்_மசாலா

இதில்தான் எனக்கும் தயக்கம். மணிக்கு 36 ராண்ட் தரலாம் என்று இருக்கிறேன். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி 28.79 ஆக இருந்தது. அரைவைக்காரர் ஒருவர் 34 வாங்குகிறார். புது ஆளுக்கு 36 என்று சுவரில் ஒட்டினால் அவர் என்ன நினைப்பார்?

செட்டர்_தாத்தா

அவரிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள். அவருக்கே இந்த வேலை வேண்டுமா என்றும் கேளுங்கள். தூளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது வெளியாளுக்குத் தெரியாது.

லெனேசியா_அக்கா

இதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். என் அனுபவத்தில், தொகை போட்ட விளம்பரத்துக்கு விண்ணப்பம் குறைவாக வரும், வருகிறவர்கள் நிலைத்து நிற்பார்கள். ராஜா சொல்லும் மனத்தாங்கல் உண்மையிலேயே வரும், அதையும் மறுக்கவில்லை. உங்கள் ஆட்களை உங்களுக்குத்தான் தெரியும்.

அடையாள அட்டை நகலை இப்போதே வாங்காதீர்கள். வேலைக்கு எடுக்கும்போது வாங்கினால் போதும். இருநூறு பேரின் அட்டை உங்கள் ஃபோனில் கிடந்தால், தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அத்தனைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. அத்தோடு "விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை" என்று ஒரு வரி அவசியம். பிறர் விளம்பரத்தைப் படமெடுத்து, பதிவுக் கட்டணம் என்று ஏழைகளிடம் பணம் பறிக்கும் கூட்டம் இங்கே நிறைய இருக்கிறது.

பீனிக்ஸ்_மசாலா

அரைவைக்காரரிடம் பேசினேன். மெஷின் வேலை அவருக்கு வேண்டாமாம், நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கப் பிடிக்காது என்றார். அவர் கூலியையும் 36 ஆக்கிவிட்டேன். அதனால் தொகையைப் போடுகிறேன். ஃபோன் எண்ணையும் முகவரியையும் மட்டும் இங்கே எடுத்துவிட்டுப் புது விளம்பரத்தைத் தருகிறேன்:

---

மசாலா பாக்கெட் மெஷின் ஓட்ட ஒருவர் தேவை
பீனிக்ஸ் தொழிற்பேட்டை, டர்பன்

நாங்கள் பதினொரு பேர் வேலை செய்யும் மசாலாத் தொழிற்சாலை. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சாம்பார் பொடி போன்றவற்றை 100 கிராம் பாக்கெட்டில் அடைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

நீங்கள் செய்யப்போவது: மெஷினைத் தொடங்கி ஓட்டுவீர்கள். கால் மணிக்கு ஒரு தடவை ஐந்து பாக்கெட்டை எடை போட்டு நோட்டில் எழுதுவீர்கள். சீலையும் தேதியையும் சரிபார்ப்பீர்கள். ஃபிலிம் ரோல் மாற்றுவீர்கள், ரோல் 20 கிலோ, தள்ளுவண்டி உண்டு. தூள் மாறும்போது மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்வீர்கள். பழுது பார்க்க மெக்கானிக் வருவார், அது உங்கள் வேலை அல்ல.

எங்களுக்கு வேண்டியது: எண்களைப் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு தூளைப் பாக்கெட் போடும் மெஷினில் ஒரு வருடம் வேலை செய்தவர் என்றால் நல்லது. செய்யாதவரும் விண்ணப்பிக்கலாம், இப்போது ஓட்டுபவர் கூட இருந்து கற்றுக்கொடுப்பார், கற்கும் நாட்களுக்கும் முழுக் கூலி. சான்றிதழ் கட்டாயமில்லை. ஆண், பெண் யாரும் வரலாம்.

வேலையிடம்: மிளகாய்த்தூள் பறக்கும், முதல் நாட்களில் தும்மல் வரும். முகக்கவசம், தலைவலை, கோட் நாங்கள் தருவோம். உணவுத் தொழிற்சாலை என்பதால் வேலை நேரத்தில் நகை, வளையல், நகப்பூச்சு கூடாது.

நேரம்: திங்கள் முதல் வெள்ளி, காலை 7 முதல் மாலை 4.30 வரை. சாப்பாட்டுக்கு அரை மணி. இரவு வேலை இல்லை. ஆர்டர் அதிகமான வாரங்களில், நீங்கள் ஒப்புக்கொண்டால், சனிக்கிழமை ஐந்து மணி நேரம்.

கூலி: மணிக்கு 36 ராண்ட், 45 மணி நேர வாரத்துக்கு 1,620 ராண்ட். சனிக்கிழமை வந்தால் ஒன்றரை மடங்கு, ஐந்து மணி நேரத்துக்கு 270 ராண்ட். வேலையில்லாக் காப்பீட்டுக்கு உங்களிடமிருந்து 1 சதவீதம் பிடிப்போம், நாங்களும் 1 சதவீதம் கட்டுவோம். வருடத்துக்கு 15 வேலை நாள் சம்பள விடுப்பு. முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம்.

விண்ணப்பிக்க: உங்கள் பெயர், ஊர், முன்பு செய்த வேலை இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதியோ பேசியோ அனுப்புங்கள். இல்லையென்றால் காகிதத்தில் எழுதி எங்கள் வாசலில் கொடுங்கள். தமிழ், ஜூலு, ஆங்கிலம் எதுவும் சரி. அடையாள அட்டை நகல் இப்போது வேண்டாம். இந்த வேலைக்கு யாரும் உங்களிடம் பணம் கேட்கக்கூடாது. கேட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் 10-ஆம் தேதி வரை வரும் எல்லா விண்ணப்பங்களுக்கும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பதில் சொல்வோம்.

---

வெருலம்_தங்கை

அண்ணா, இதை நான் தேடிய நாளில் பார்த்திருந்தால் அன்றைக்கே வாசலில் வந்து நின்றிருப்பேன். "கற்கும் நாட்களுக்கும் முழுக் கூலி" என்ற வரியை மேலே கொண்டு வாருங்கள். அதைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிப்பார்கள்.

செட்டர்_தாத்தா

நன்றாக இருக்கிறது. சுத்தம் செய்யும் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் சாம்பார் பொடியில் கூட்டுப்பெருங்காயம் போடுகிறீர்களா? கடையில் கிடைக்கும் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார் பொடி ஓட்டிய மெஷினில் அடுத்து மஞ்சள்தூள் ஓட்டினால், கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்த மஞ்சள் ஆபத்து. இந்தச் சுத்தத்துக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அவசரப்படுத்த மாட்டோம் என்று விளம்பரத்தில் வேண்டாம், சேரும் நாளில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆர்டர் நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது இந்த நேரம்தான்.

பீனிக்ஸ்_மசாலா

போடுகிறோம் தாத்தா. மஞ்சளை வாரத்தின் முதல் நாளிலும் சாம்பார் பொடியைக் கடைசி நாளிலும் ஓட்டும்படி வரிசையை மாற்றிப் பார்க்கிறேன்.

லெனேசியா_அக்கா

நகை வரியைப் பற்றி யோசித்தேன். நம் பெண்கள் தாலிக் கயிறு, பூஜை முடிந்து கட்டிய சிவப்புக் கயிறு அணிந்திருப்பார்கள். ஜூலு குடும்பத்தினர் சடங்கு முடிந்து ஆட்டுத்தோல் காப்பு, இசிபாண்ட்லா அணிந்திருப்பார்கள். அதைக் கழற்றச் சொல்வது நகையைக் கழற்றச் சொல்வது போல ஆகாது. "கழற்ற முடியாத சமயக் கயிறோ காப்போ இருந்தால் எங்களிடம் பேசுங்கள்" என்று ஒரு வரி இருந்தால் யாரும் ஒதுங்க மாட்டார்கள்.

பாக்கெட்_ராஜா

பேசி என்ன செய்வார்? உணவு இருக்கும் இடத்தில் தோல் காப்பு கூடாது என்று பரிசோதகர் எழுதிவிட்டால்?

லெனேசியா_அக்கா

நீண்ட கையும் இறுக்கமான கஃப்பும் உள்ள கோட்டுக்குள் மூடி வைத்திருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். சில நாட்களுக்கு மெஷினை விட்டுப் பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றிய இடமும் உண்டு. உங்கள் நகராட்சிச் சுகாதார அதிகாரி எதை ஏற்றுக்கொள்வார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பீனிக்ஸ்_மசாலா

அந்த வரியைச் சேர்த்துவிட்டேன், அதிகாரியிடமும் கேட்கிறேன். தங்கை சொன்ன வரியையும் மேலே கொண்டு வந்தாயிற்று. ஜூலு மொழியாக்கத்தை எங்கள் பெட்டி கட்டும் பிரிவில் இருக்கும் அம்மா எழுதித் தருகிறார். திங்கட்கிழமை கோயில் பலகை, க்வாமாஷு டாக்ஸி நிலையம், எங்கள் வாசல் மூன்றிலும் ஒட்டுகிறோம். இனாண்டா பக்கம் எந்தக் கடையில் ஒட்டினால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கை, நீங்கள் இப்போதும் வேலை தேடிக்கொண்டிருந்தால் உங்கள் விண்ணப்பத்தையும் அனுப்புங்கள். மற்றவர்களுக்குத் தாத்தா சொன்ன மூன்று கேள்வி, பதில் இங்கேயே இருக்கிறது என்பதால் உங்களுக்கு வேறு கேட்கிறேன்.

வெருலம்_தங்கை

அனுப்புகிறேன் அண்ணா. 4.30-க்கு முடிந்தால் எனக்கு வெருலம் டாக்ஸி கிடைக்கும்.